அடுத்தவர் நகரத்துக்குள்ள பங்கு கேட்டுப் போறது எப்போ லாபம்? (கார்காசோன்)

கொட்டகலை ரவி
கார்காசோன் விளையாடுறவங்க கொஞ்சம் பாருங்க. மூணு பேர் ஆட்டம், நான் சிவப்பு. மிச்ச ரெண்டு பேர் நீலம், மஞ்சள். எனக்கு அடுத்து நீலம், அதுக்கு அடுத்து மஞ்சள். விரிவாக்கம் எதுவும் இல்ல, வெறும் 72 டைல்.

நீலத்துகிட்ட 6 டைல்ல ஒரு நகரம் இருக்கு. அதுல 2 கொடி. ஒரே ஒரு பக்கம்தான் திறந்திருக்கு. என் கையில வந்தது ஒரு பக்கம் நகரம், மூணு பக்கம் வயல் உள்ள சாதாரண டைல். அந்தத் திறந்த வாய்க்கு நேர் கீழ இருக்கிற காலி இடத்துக்கு வலது பக்கத்துல இதை வச்சு, நகரத்துல ஆள் நிறுத்தினா, அந்த ஓட்டையில விழுற டைல் ரெண்டு நகரத்தையும் ஒண்ணாக்கும். புள்ளி ரெண்டு பேருக்கும் வரும்.

இல்லாட்டி இதே டைலை வேற இடத்துல வச்சு 2 டைல் நகரம் ஒண்ணை இப்பவே மூடலாம். 4 புள்ளி கையில, ஆளும் உடனே திரும்பி வரும். என்கிட்ட மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு ஆள். இந்த டைலை வச்ச பிறகு பையில 15 டைல் இருக்கும். எதைச் செய்றது நல்லது?

நிலா_பதுளை
4 புள்ளியை எடுத்துட்டு போங்க. பங்கு போட்டா நீலத்துக்கு எவ்வளவோ உங்களுக்கும் அவ்வளவு, வித்தியாசம் சுழியம். சுழியத்துக்காக கடைசி ஆளைப் பூட்டி வைக்கிறதா?

டைல்பை (பண்டாரவளை)
தங்கச்சி, அந்தக் கணக்கு பாதிதான் சரி. பங்கு போட்ட பிறகு வித்தியாசம் சுழியம்னு சொல்றது உண்மை. ஆனா பங்கு போடாட்டி வித்தியாசம் என்ன ஆகும்னு பாக்கணும்ல?

நீலம் தனியா மூடினா 7 டைல், டைலுக்கு 2 வீதம் 14, ரெண்டு கொடிக்கு 4, மொத்தம் 18. ரவிக்கு ஒண்ணும் இல்ல. சேந்து மூடினா நீலத்தோட 6, ஓட்டையில விழுறது 1, ரவியோட டைல் 1, ஆக 8 டைல். 16 கூட்டல் கொடிக்கு 4, மொத்தம் 20. ஆள் எண்ணிக்கை சமமா இருந்தா ரெண்டு பேருக்கும் முழு 20. பாதி பாதியா பிரிக்கிற வேலை இந்த ஆட்டத்துல கிடையாது. அதாவது நீலத்தோட ஒப்பிட்டா 18 பின்னுக்குப் போக வேண்டியவர் சமமா நிக்கிறார். மூணாவது ஆளோட ஒப்பிட்டா 20 முன்னுக்குப் போறார். ரெண்டு பேர் ஆட்டம்னா முதல் லாபம் மட்டும்தான். மூணு பேர், நாலு பேர் ஆட்டத்துலதான் பங்குக்கு முழு மதிப்பு.

மஸ்கெலியா மாமா
இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்க? அந்த டைலை நேரா நீலத்தோட டவுன்ல ஒட்டி, அதுலயே ஆளை வச்சா பங்கு கிடைக்காதா?

டைல்பை (பண்டாரவளை)
கிடைக்காது மாமா. ஒட்டின நேரமே அது நீலத்தோட நகரம் ஆயிடும். ஏற்கனவே ஆள் நிக்கிற நகரத்துலயோ ரோட்டுலயோ வயல்லயோ புதுசா ஆள் வைக்க முடியாது. முதல்ல தனியா ஒண்ணு தொடங்கணும், பிறகு வேற ஒரு டைலால ரெண்டையும் இணைக்கணும். அதனாலதான் பங்கு கேக்கிற வேலைக்கு எப்பவும் ரெண்டு முறை தேவை. நடுவுல அடுத்தவங்களுக்கு முறை வரும். அங்கதான் எல்லாச் சிக்கலும்.

மஸ்கெலியா மாமா
ஓ. எங்க வீட்டுப் பிள்ளைகள் இவ்வளவு நாளா நேரா வச்சுத்தான் விளையாடுதுகள். சரி, சொல்லுங்க.

வாசுகி (நுவரெலியா)
ரவி, உங்கள் கேள்வியில் ஒரு தகவல் குறைகிறது. அந்த ஓட்டைக்கு நாலு பக்கம். மேலே நீலத்தின் நகரம், வலது பக்கம் உங்கள் டைல். இடது பக்கமும் கீழ்ப்பக்கமும் என்ன இருக்கிறது? பதில் முழுக்க அதில்தான் தங்கியிருக்கிறது.

இரண்டும் வெறுமையாக இருந்தால் இணைக்கக்கூடிய டைல்கள் ஏராளம். மேல்பக்கமும் வலது பக்கமும் ஒரே நகரமாக இருக்கிற மூலை டைல் ரோடில்லாமல் 5, ரோட்டோடு 5. மூன்று பக்கம் நகரமாக இருப்பவை 7. நாலு பக்கமும் நகரமான டைல் ஒன்றே ஒன்று. மொத்தம் 18. இவை தவிர, அடுத்தடுத்த இரு பக்கங்களில் இரண்டு தனித்தனி நகரம் உள்ள டைல் 2 இருக்கிறது. அது ஓட்டையில் பொருந்தும், ஆனால் இணைக்காது. நீலத்தின் நகரத்தையும் உங்களுடையதையும் தனித்தனியாக மூடிவிடும். அவருக்கு 18, உங்களுக்கு 4.

ஒரு பக்கத்தில் ஒரு டைல் வந்து உட்கார்ந்த உடனே இந்த எண்ணிக்கை சரியும்.

கொட்டகலை ரவி
டீச்சர், கீழ்ப்பக்கம் ஏற்கனவே டைல் இருக்கு. மேல பாத்த பக்கம் வயல். இடது பக்கம் காலி. அந்தக் காலி இடத்துக்கு மேல நீலத்தோட நகர டைல் ஒண்ணு இருக்கு, ஆனா அதோட கீழ்ப்பக்கம் வயல்தான்.

கீழ இருக்கிற அந்த வயல் என்னோடது. அதுல என் விவசாயி படுத்திருக்கான். இப்போதைக்கு மூடின நகரம் 4 அந்த வயலைத் தொடுது.

வாசுகி (நுவரெலியா)
அப்படியானால் ரோடு உள்ள மூலை டைல் ஐந்தும் போய்விட்டது. அந்த டைலில் நகரம் இல்லாத இரண்டு பக்கத்திலும் ரோடு வரும், உங்களுக்குக் கீழே வேண்டியது வயல். மூன்று பக்க டைலிலும் நாலாவது பக்கம் வயலாக இருக்கிற 4 மட்டும்தான் சேரும். நாலு பக்க நகரமும் சேராது. ஆக ரோடில்லாத மூலை 5, மூன்று பக்கம் 4, மொத்தம் 9.

இந்த 9-இல் எத்தனை ஏற்கனவே மேசையில் விழுந்துவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். தனி நகரம் இரண்டு உள்ள அந்த 2 டைலையும் பாருங்கள்.

கொட்டகலை ரவி
எண்ணினேன். ரோடில்லாத மூலை 3 வந்துட்டு, 2 பையில. மூணு பக்கம் வயலோட உள்ளது 3 வந்துட்டு, 1 பையில. தனி நகர டைல் ரெண்டும் வந்துட்டு.

வாசுகி (நுவரெலியா)
இணைத்து அப்படியே மூடுவது அந்த 2 மூலை டைல் மட்டும்தான். மூன்று பக்க டைல் விழுந்தால் இணைப்பு வரும், ஆனால் இடது பக்கம் புதிய வாய் திறக்கும், பிறகு அதை மூட இன்னொரு டைல் வேண்டும். 15 டைலில் அதற்கு நேரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

15-இல் ஆளுக்கு 5. அந்த 2 மூலையில் ஒன்றாவது உங்கள் ஐந்தில் வர வாய்ப்பு 57 சதவீதம். நீலமும் ஒத்துழைத்து, அவர் கையில் வந்தாலும் ஓட்டையில் வைப்பார் என்றால் பத்து டைலில் ஒன்று வந்தால் போதும். அது 90 சதவீதம்.

நிலா_பதுளை
அப்போ நல்ல வாய்ப்புதானே. ஆனா மஞ்சள் சும்மா இருக்குமா? ரெண்டு பேர் 20 எடுக்க அது வேடிக்கையா பாக்கும்?

டைல்பை (பண்டாரவளை)
இதுதான் கேள்வி! நிலா சரியான இடத்துல கை வச்சுட்டா.

இடது பக்கக் காலி இடத்துல, ஓட்டையைப் பாத்த மாதிரி ரோடு வர்ற டைல் ஒண்ணை மஞ்சள் வச்சா கதை முடிஞ்சு. அப்போ ஓட்டைக்கு மேல நகரம், வலது நகரம், கீழ வயல், இடது ரோடு. அப்படி ஒரு டைல் 72-லயும் இல்ல. மூலை டைல்ல மிச்ச ரெண்டு பக்கமும் வயலா இருக்கும், இல்லாட்டி ரெண்டும் ரோடா இருக்கும். ஒண்ணு வயல் ஒண்ணு ரோடுன்னு கிடையவே கிடையாது. ஆட்டம் முடியும் வரைக்கும் அந்த ஓட்டை ஓட்டைதான். நீலத்துக்கு மூடாத நகரத்துக்கான கணக்கு, டைலுக்கு 1, கொடிக்கு 1, மொத்தம் 8. ரவிக்கு 1. ரெண்டு ஆளும் அங்கேயே சிறை.

மஞ்சளுக்கு இதுக்கு வேண்டிய டைல் அபூர்வமும் இல்ல. அந்த இடத்துக்கு மேல் பக்கம் வயல், வலது பக்கம் ரோடு இருந்தா போதும். நேர் ரோடு 8, வளைவு 9 இருக்கிற ஆட்டம் இது. பையில ஒண்ணு ரெண்டு கட்டாயம் மிச்சம் இருக்கும்.

அதனால 57, 90 எல்லாம் மஞ்சள் தூங்கினா வர்ற எண்ணு. மஞ்சள் முழிச்சிருந்து, கையிலயும் ரோடு வந்தா, அதுக்கு முன்ன முறை வர்றது நீலம் ஒருத்தருக்குத்தான். அந்த ஒரு இழுப்புல மூலை வர்றது 15-க்கு 2, அதாவது 13 சதவீதம்.

நிலா_பதுளை
பாத்தீங்களா, நான் முதல்லயே சொன்னேன். 4 புள்ளியை எடுங்கன்னு.

டைல்பை (பண்டாரவளை)
அவசரப்படாத. நீலத்தோட முதல் முறை வெறும் இழுப்பு மட்டும் இல்ல. மூலை வராட்டியும் நீலம் அந்த இடது இடத்துல தானே ஒரு டைலை வச்சுடலாம். ஓட்டையைப் பாத்த பக்கம் வயலா இருந்தா, ஓட்டையோட நாலு பக்கமும் தீர்மானம் ஆயிடும்: நகரம், நகரம், வயல், வயல். அதுக்குப் பிறகு மஞ்சளால ஒண்ணும் கெடுக்க முடியாது. மூலை டைலை வாங்கி வேற எங்கயாவது வச்சு வீணாக்கலாம், அவ்வளவுதான். பூட்டினதுல நட்டமும் உண்டு, மூணு பக்க டைல் இனிச் சேராது.

நீலம் கொஞ்சம் குணம் கெட்டவரா இருந்தா இன்னொரு வழி இருக்கு. இடது பக்கம் நகரத்தை ஓட்டையைப் பாத்து வச்சு, அதுல தன்னோட இன்னொரு ஆளை நிறுத்துவார். இப்போ ஓட்டை கேக்கிறது மூணு பக்க டைல் மட்டும். அது விழுந்தா நீலத்துக்கு 2 ஆள், ரவிக்கு 1. ஆள் கூட உள்ளவருக்கு எல்லாம், மத்தவருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பையில அப்படி ஒரு டைல்தான் மிச்சம்னு ரவி எண்ணிட்டார். அந்த ஒண்ணை நம்பி நீலம் போகுமா? எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆட்டக்காரர் போக மாட்டார். நகரத்துல ஆள் மேல ஆள் போட்டவங்க அநேகமா கடைசியில ஒரே ஓட்டையில மூணு ஆளைப் பூட்டிட்டு நிக்கிறதைத்தான் பாக்கலாம்.

வாசுகி (நுவரெலியா)
நீலம் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது புள்ளிப் பலகையைப் பொறுத்தது. ரவி, இப்போது யார் எத்தனை?

கொட்டகலை ரவி
நீலம் 61, மஞ்சள் 58, நான் 47. வயல் எண்ணாம. நீலத்துக்கும் மஞ்சளுக்கும் விவசாயி இருக்கு, ஆனா என் வயல்ல இல்ல. மஞ்சளோடது ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

வாசுகி (நுவரெலியா)
இப்போதுதான் கேள்விக்கு உருவம் வந்தது.

நீங்கள் சிறிய நகரத்தை மூடினால் 47 + 4 = 51. அந்தச் சிறிய நகரமும் உங்கள் வயலைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வயல் 5 நகரம், நகரத்துக்கு 3 வீதம் 15. மொத்தம் 66. நீலம் தன் நகரத்தை மூடினால் 61 + 18 = 79. மூடுகிற டைலின் கீழ்ப்பக்கம் வயலாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே அந்த டைலில் ரோடு குறுக்கே போகாவிட்டால் அந்த நகரமும் உங்கள் வயலைத் தொடும், உங்களுக்கு இன்னொரு 3, ஆக 69. பத்துப் புள்ளி பின்னால்.

பங்கு கேட்டுப் போய் அது நடந்தால் 47 + 20 = 67. வயல் பழைய 4 நகரமும் இந்தப் பெரிய நகரமும் சேர்த்து 5, அதற்கு 15. மொத்தம் 82. நீலம் 61 + 20 = 81, அதற்கு மேல் அவருடைய வயல்.

ஆகவே பாதுகாப்பான வழியில் நீங்கள் வெல்ல முடியாது, தோல்வியின் அளவைத்தான் குறைக்கலாம். பங்கு வழியில் வெல்லக்கூடிய ஒரு கணக்காவது இருக்கிறது. பின்தங்கி இருப்பவர் அதைத்தான் எடுக்க வேண்டும். இதே மேசையில் நீங்கள் 61-இல் இருந்திருந்தால் நிலா சொன்ன 4 புள்ளியே சரி.

நிலா_பதுளை
டீச்சர், ஆனா முதலாவதா நிக்கிறவரோட போய் பங்கு போட்டா அவருக்கும்தானே 20 போகுது? மஞ்சளோட பங்கு போட்டா நீலத்தைப் பிடிக்கலாம். நீலத்தோட பங்கு போட்டா நீலத்தைப் பிடிக்கவே முடியாது, வயல்தான் காப்பாத்தணும். பங்கை எப்பவும் கடைசியில நிக்கிறவரோடதான் போடணும்னு நினைக்கிறேன்.

வாசுகி (நுவரெலியா)
தெரிவு உங்கள் கையில் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இங்கே தெரிவு இல்லை. நீலம் அந்த 18-ஐ எப்படியும் எடுக்கப் பார்க்கிறார். பங்கால் அவருக்குக் கூடுவது 2 மட்டும், ரவிக்குக் கூடுவது 20.

டைல்பை (பண்டாரவளை)
அதோட மஞ்சள் ஓட்டையைக் கெடுத்தாலும் ரவிக்கு முழு நட்டம் இல்ல. நீலம் 18 எடுக்க வேண்டிய இடத்துல 8 எடுக்கும். ரவி ஒரு ஆளைக் குடுத்து நீலத்தோட 10 புள்ளியைப் பிடுங்கின கணக்கு. அதுவும் மஞ்சள் தன்னோட ஒரு முறையைச் செலவழிச்சு. எனக்கு உறுத்துறது ஒண்ணுதான், அது கடைசி ஆள். பூட்டினா மிச்ச 5 முறையும் வெறும் டைல் மட்டும் வைக்கணும். கடைசி அஞ்சு முறையில ஒரு ஆளைச் சுழற்றி எடுத்தா சின்ன ரோடு, சின்ன நகரம்னு 6, 8 புள்ளி தேறும். ரவியோட மத்த ஆள்கள் எங்க நிக்குது?

கொட்டகலை ரவி
ஒண்ணு வயல்ல. மடத்துல ஒண்ணு, சுத்தி 7 டைல் வந்துட்டு, இன்னும் 1 தேவை. ரோட்டுல ரெண்டு, ஒண்ணு 5 டைல், மத்தது 3. நகரத்துல ரெண்டு, ரெண்டும் பாதியில.

டைல்பை (பண்டாரவளை)
அப்போ மடத்தை முடிச்சா 9 புள்ளியோட ஆள் திரும்புது. அந்த மிச்ச ஒரு இடத்துல எந்த டைல் சேரும்னு பாருங்க, அது இலேசான இடமா இருந்தா கடைசி ஆளைப் பூட்டப் பயப்பட வேணாம்.

5 டைல் ரோட்டை நம்பி இருக்காதீங்க. ரோடு முடிஞ்சாலும் முடியாட்டியும் டைலுக்கு 1தான், ஆட்டக் கடைசியில அதே 5 வரும். அதை இப்பவே மூடுறதுல கிடைக்கிறது ஆள் திரும்புறது மட்டும். ரோட்டுக்கு முடிவு போடுற டைலும் எங்கும் கொட்டிக் கிடக்கல: முச்சந்தி 4, நாற்சந்தி 1, நகரத்தோட முச்சந்தி 3, மூணு பக்க நகரத்துக்குள்ள ரோடு போறது 3, ரோட்டோட மடம் 2. மொத்தம் 13. கடைசி 15 டைல்ல இதுல எத்தனை மிச்சம்னு எண்ணிப் பாத்தா ஏமாற்றம் குறையும்.

ரோட்டுல பங்கு கேக்கிறதைப் பத்தியும் யாரும் பேசல, பேச அவ்வளவு இல்லாததாலதான். ஆறு, ஏழு டைல் ரோட்டுக்கு ஒரு ஆளையும் ரெண்டு முறையையும் செலவழிக்கிறது கட்டாது. தற்செயலா இணைஞ்சா சந்தோசம்.

மஸ்கெலியா மாமா
வயல் கதைக்கு வாங்க. எங்க மேசையில எப்பவும் சண்டை அங்கதான். ரவி தம்பி மஞ்சளோட விவசாயி ரோட்டுக்கு அந்தப் பக்கம்னு சொல்றார். ரோடு இருந்தா போதுமா? எங்க வீட்டுல ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேற வயல்னு சின்னவன் சொல்றான், பெரியவன் இல்லங்கிறான்.

டைல்பை (பண்டாரவளை)
ரோடு பிரிக்கும் மாமா, ஆனா ரோடு எங்க முடியுதுன்னு பாக்கணும். ரோடு ஒரு நகரத்துல போய் முட்டினா அங்க வயலுக்கு வழி இல்ல. முச்சந்தியில முடிஞ்சா மத்த ரோடுகள் தொடர்ந்து பிரிச்சுட்டே போகும். ஆனா ரோடு மடத்துல போய் முடிஞ்சா மடத்தைச் சுத்தி நாலு பக்கமும் வயல்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடத்துக்குப் பின்னால கைகோத்துடும். தேயிலை மலையில ரெண்டு நம்பருக்கு நடுவுல போற ரோடு பங்களா வாசல்ல முடிஞ்சா, பின்பக்கமா சுத்திப் போக முடியும்ல, அது மாதிரி.

ரவிக்கு இதுதான் உண்மையான ஆபத்துன்னு நான் நினைக்கிறேன், நகரம் இல்ல. ரவி, உங்களுக்கும் மஞ்சளுக்கும் நடுவுல இருக்கிற ரோட்டோட முனை திறந்திருக்கா?

கொட்டகலை ரவி
ஒரு முனை முச்சந்தியில முடிஞ்சுட்டு. மத்த முனை திறந்திருக்கு. அதுதான் என்னோட 5 டைல் ரோடு.

டைல்பை (பண்டாரவளை)
ரோட்டோட உள்ள மடம் 2 தான். ரெண்டும் வந்துட்டா?

கொட்டகலை ரவி
ஒண்ணுதான் வந்திருக்கு.

டைல்பை (பண்டாரவளை)
அப்போ பையில இருக்கிற அந்த ஒண்ணு மஞ்சள் கையில விழுந்தா, உங்க ரோட்டு முனையில வச்சு வயலை ஒண்ணாக்கும். ஆளுக்கு ஒரு விவசாயி, சமம், மஞ்சளுக்கும் முழு 15. கூடவே மடத்துல தன்னோட ஆளை நிறுத்தும். உங்களுக்கு ரோட்டுப் புள்ளி வந்து ஆள் திரும்பும், ஆனா அது ஆறுதல் பரிசு.

அதைத் தடுக்க ஒரு வழி, உங்க முறையில ரோட்டு முனையை முச்சந்தியாலயோ நகரத்தாலயோ நீங்களே முடிச்சிடுங்க. இப்போ அந்த ரோட்டை மூடுறதுக்கு ஆள் திரும்புறதை விடப் பெரிய காரணம் கிடைச்சுட்டு. முடிக்க டைல் வராட்டி வளைவு ஒண்ணைப் போட்டு முனையை மஞ்சளோட வயலை விட்டுத் திருப்பினாலும் பயன் இல்ல, ரோடு எவ்வளவு நீண்டாலும் முனையில மடம் வந்தா அதே கதைதான்.

நிலா_பதுளை
ஒரு சந்தேகம். வயலுக்கு நகரத்துக்கு 4 புள்ளின்னுதான் எனக்குத் தெரியும். டீச்சர் 3 போடுறாங்க. 4 போட்டா கணக்கே மாறும்ல?

வாசுகி (நுவரெலியா)
2000-இல் ஆட்டம் முதலில் வெளிவந்தபோது இருந்த விதியில் 4. அந்த விதியில் எண்ணும் முறையே வேறு: ஒவ்வொரு மூடிய நகரத்தையும் எடுத்து, அதைச் சுற்றி யாருக்கு விவசாயி அதிகம் என்று பார்த்து, அவருக்கு 4. ஒரு நகரத்துக்கு ஒரு தடவைதான். 2014-இல் புதிய படத்தோடு வந்த பெட்டியில் வயலை எடுத்து எண்ணுகிறோம்: இந்த வயலை எத்தனை மூடிய நகரம் தொடுகிறது, ஒவ்வொன்றுக்கும் 3. ஒரே நகரம் இரண்டு வெவ்வேறு வயலைத் தொட்டால் இரண்டு வயலுக்கும் அது எண்ணப்படும். பழைய முறையில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மஞ்சளின் விவசாயி அதே நகரத்தைத் தொட்டால் ரவியோடு போட்டிக்கு வருவார். புதிய முறையில் இருவரும் அவரவர் வயலுக்கு எடுப்பார்கள்.

ஆட்டம் தொடங்கும் முன்பே எந்தப் புத்தகம் என்று சொல்லிவிட வேண்டும். கைமாறி வந்த பெட்டிகளில் விதிப் புத்தகம் ஒரு பதிப்பு, டைல் இன்னொரு பதிப்பு என்று இருப்பது சாதாரணம்.

கொட்டகலை ரவி
எங்களோடது புதுப் பெட்டிதான், 3. டீச்சர், அண்ணே, நீங்க சொன்னதை வச்சுப் பாத்தா பங்கு கேட்டுப் போறதுதான் சரி, ஆனா முதல்ல ரோட்டை மூடணுமா, முதல்ல ஓட்டைக்குப் பக்கத்துல வைக்கணுமா?

டைல்பை (பண்டாரவளை)
கையில இருக்கிறது நகர டைல். ஒரு பக்கமும் ரோடு இல்லாத டைலை ரோட்டு முனையில வைக்கவே முடியாது. அதனால இந்த முறை ஓட்டைக்குப் பக்கத்துல. ரோட்டை மூட அடுத்த டைலைப் பாருங்க.

வாசுகி (நுவரெலியா)
நான் ஒன்றில் மட்டும் டைல்பையோடு உடன்படவில்லை. நீலம் இடது பக்கத்தைப் பூட்டுவார் என்று அவர் நம்புகிறார். நீலம் 61, மஞ்சள் 58. ரவியின் வயலைப் பார்க்கத் தெரிந்த நீலமாக இருந்தால், அந்த நகரம் மூடப்பட்டால் ரவிக்கு 23 போகிறது என்று எண்ணுவார். அவரே மூலை டைலை வேறிடத்தில் வைத்துவிட்டு 8 புள்ளியோடு அமைதியாக இருக்கலாம். அப்போது 69, அதற்கு மேல் அவர் வயல். ரவி 47, நகரத்துக்கு 1, வயலுக்கு 12, அதாவது 60. நீலத்துக்கு அது மோசமான முடிவு அல்ல.

டைல்பை (பண்டாரவளை)
டீச்சர், 20 புள்ளியை விட்டுட்டு 8-ஐ எடுக்கிற நீலத்தை நான் மேசையில பாத்தது இல்ல. அதோட 8-ல நின்னா மஞ்சளும் பக்கத்துல வந்துடும்.

வாசுகி (நுவரெலியா)
காகிதத்தில் அதுதான் கணக்கு. மேசையில் யார் எப்படி ஆடுவார் என்பது ரவிக்குத்தான் தெரியும்.

நிலா_பதுளை
பெரிய ஆள் இருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல. முதல் விரிவாக்கத்துல வர்ற பெரிய ஆள் ரெண்டு ஆளுக்குச் சமம். வலது பக்கம் அதை நிறுத்தினா பங்கு இல்ல, முழுசும் ரவிக்கு.

டைல்பை (பண்டாரவளை)
உண்மை. அப்போ நீலம் அந்த ஓட்டையைத் தானே கெடுக்கும், மஞ்சளுக்கு வேலையே இருக்காது. பங்குன்னா எதிராளி கொஞ்சமாவது ஒத்துழைப்பார், கொள்ளைன்னா மாட்டார்.

மஸ்கெலியா மாமா
நம்ம பெட்டி பழசு, புத்தகமும் பழசு. அதுல 2 டைல் டவுனுக்கு 2 புள்ளின்னு போட்டிருக்கு. ரவி தம்பி 4-ங்கிறார். அச்சுப் பிழையா?

வாசுகி (நுவரெலியா)
பிழை இல்லை, மாமா. பழைய விதியில் 2 டைல் நகரத்துக்கு மட்டும் டைலுக்கு 1 வீதம் 2. புதிய விதியில் அந்த விலக்கு கிடையாது, 4. உங்கள் புத்தகத்தில் வயலுக்கு 4 என்று இருக்கும், இதற்கு 2 என்று இருக்கும். இரண்டையும் அந்தப் புத்தகத்தில் உள்ளபடியே ஆடுங்கள், ஒன்றை மட்டும் புதியதிலிருந்து எடுக்காதீர்கள். சிறிய நகரத்துக்கு 4-ம் வயலுக்கு 4-ம் சேர்ந்தால் எல்லோரும் விவசாயியைப் படுக்க வைத்துவிட்டுக் குட்டி நகரமாகக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

மஸ்கெலியா மாமா
இப்போ எங்க வீட்டுல நடக்கிறது அதுவேதான்.